தொடர்மாடிப் படிக்கட்டிலிருந்து ஆயிரம் மீற்றர் ஏற்றம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் விடியற்காலையில் தொடர்மாடிப் படிக்கட்டுகளில் பயிற்சி செய்கிறோம். செங்குத்து ஓட்டங்களுக்கும், ஒவ்வொரு பருவத்திலும் சிவனொளிபாத மலைக்கும் தயாராகிறவர்கள் எங்களிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைக் குறித்து வைத்து, இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கொழும்பில மலையே இல்லை. தட்டை நிலத்தில இருந்துகொண்டு ஏற்றத்துக்கு எப்பிடிப் பழகிறது?

உங்கள் கால்களுக்கு மலை தெரியாது; உடம்பை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினோம், எவ்வளவு நேரத்தில் தூக்கினோம் என்பது மட்டுமே தெரியும். ஆகவே முதல் வேலை, நீங்கள் ஏறும் கட்டடத்தை அளப்பதுதான். ஓர் அளவுநாடாவால் ஒரு படியின் உயரத்தை அளந்து, தரையிலிருந்து மேல்மாடி வரையுள்ள படிகளை எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள். நாங்கள் பயன்படுத்தும் கட்டடத்தில் ஒரு படி 17 சென்ரிமீற்றர் உயரம், மாடிக்கு 18 படிகள், தரையிலிருந்து ஒன்பதாம் மாடி வரை 162 படிகள். அதாவது ஒரு தடவை ஏறினால் 27.5 மீற்றர். இந்தப் பக்கம் முழுவதும் இதே கட்டடத்தையே கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன்.

செங்குத்துக் கிலோமீற்றர் எனப்படும் போட்டியில், ஐந்து கிலோமீற்றருக்கு மேற்படாத தூரத்துக்குள் 1,000 மீற்றர் உயரம் ஏற வேண்டும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலை உச்சி வரையிலான ஏற்றமும் உயரத்தில் ஏறக்குறைய அதே அளவுதான். தூரம் மட்டும் கூடுதல். எங்கள் படிக்கட்டில் அது 37 தடவைகள் ஏறுவதற்குச் சமம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரே நாளில் 37 தடவைகள் ஏற நான் எவரிடமும் சொல்வதில்லை. அதற்கான காரணம் கீழே வரும்.

நான் மரைன் டிரைவில தினமும் அஞ்சு கிலோமீற்றர் ஓடுறன். அது காணாதோ?

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது நல்ல அடித்தளம், விட வேண்டாம். ஆனால் சமதரையில் ஓடும்போது குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் வில்போலச் சுருங்கி விரிந்து, ஒவ்வோர் அடியிலும் சக்தியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. படி ஏறும்போது அந்த உதவி மிகக் குறைவு. ஒவ்வொரு படியிலும் முழு உடல் எடையையும் தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் புதிதாகத் தூக்க வேண்டும்.

அதனால்தான் நன்றாக ஓடுகிறவர்கள்கூட ஐந்தாம் மாடியில் மூச்சு இருந்தும் கால் வராமல் நிற்கிறார்கள். மூச்சு முந்தி முடிந்தால் வேகம் அதிகம் என்று பொருள். மூச்சு சீராக இருக்கும்போதே தொடை எரிந்து முடிந்தால், அந்தத் தசைகள் இந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை என்று பொருள். இரண்டாவது வகையினருக்கு ஓட்டத்தைக் கூட்டுவதால் பயன் இல்லை, ஏறியே பழக வேண்டும்.

எந்த வேகத்தில ஏறினால் சரி? முதல் ரெண்டு மூண்டு தரம் பறந்து போறன், பிறகு கால் கல்லாகிடுது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பத்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடாக்கிவிட்டு, தரையிலிருந்து மேல்மாடி வரை பத்துத் தடவைகள் ஏறுங்கள். ஒவ்வொரு முறையும் மின்தூக்கியில் இறங்குங்கள். ஏறிய நேரத்தை மட்டும் செக்கன் கணக்கில் எழுதி வைத்து, முடிவில் இரண்டாவது ஏற்றத்தையும் பத்தாவது ஏற்றத்தையும் ஒப்பிடுங்கள். முதல் ஏற்றத்தை விட்டுவிடலாம், உற்சாகத்தில் அது எல்லோருக்கும் பொய் சொல்லும்.

எங்கள் குழுவில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு சகோதரியின் எண்களைச் சொல்கிறேன். அவருக்கு 42 வயது, வங்கியில் வேலை. முதல் சோதனையில் இரண்டாவது ஏற்றம் 110 செக்கன், பத்தாவது 130 செக்கன். பதினெட்டுச் சதவீதம் தளர்ந்திருக்கிறார். ஐந்து சதவீதத்துக்கு மேல் தளர்ந்தால் தொடங்கிய வேகம் தாங்கக்கூடியது அல்ல என்பது எங்கள் அளவுகோல். நான்கு நாள் கழித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து வேண்டுமென்றே 125 செக்கனில் தொடங்கச் சொன்னோம். இரண்டாவது 125, பத்தாவது 127. அதாவது 27.5 மீற்றரை 125 செக்கனில் ஏறுவது, நிமிடத்துக்கு 13.2 மீற்றர்.

ஆனால் இந்த எண்ணில் ஒரு மறைவான உதவி இருக்கிறது. மின்தூக்கியில் நின்ற ஐம்பது செக்கனும் அவருக்கு ஓய்வு. மலையில் அந்த ஓய்வு கிடையாது. எங்கள் அனுபவத்தில், ஓய்வில்லாத நீண்ட ஏற்றத்துக்கு இந்த எண்ணில் எட்டில் ஒரு பங்கைக் கழித்தால் பெரும்பாலும் பொருந்துகிறது. 13.2 என்பது அவருக்கு 11.5 ஆனது. அந்த வேகத்தில் 1,000 மீற்றர் ஏற 87 நிமிடங்கள். இந்த 11.5 என்ற எண்ணைத்தான் பின்வரும் விடைகளில் எல்லாம் பயன்படுத்துகிறேன். நீங்கள் உங்கள் எண்ணை அதன் இடத்தில் வையுங்கள்.

ஒவ்வொரு தரமும் இறங்கி இறங்கி ஏறினால் அது தொடர் ஏற்றம் ஆகுமா?

ஆகாது. முதலாவது விடையில் 37 தடவைகள் ஏறச் சொல்வதில்லை என்று எழுதியதன் காரணம் இதுதான். இரண்டு நிமிடம் ஏறி ஒரு நிமிடம் நிற்கும்போது, ஒவ்வொரு முறையும் இதயத் துடிப்பு இறங்குகிறது, தொடையில் சேர்ந்த எரிச்சல் ஓரளவு கழுவப்படுகிறது. எத்தனை தடவைகள் செய்தாலும், ஒரு மணிநேரத்துக்கு மேல் இடைவெளியே இல்லாமல் தூக்கும் அந்த உணர்வைக் கால்கள் அறிந்துகொள்வதில்லை. படிக்கட்டு பலத்துக்கும் கால்வைப்புக்கும் நல்லது. தொடர்ச்சிக்கு வேறொன்று வேண்டும்.

கொழும்பில் அதற்கு மிக எளிய வழி, உடற்பயிற்சிக் கூடத்து ட்ரெட்மில்தான். சரிவை 15 சதவீதத்துக்கு உயர்த்தி நடந்தால், பட்டி ஓடும் தூரத்தில் ஏறக்குறைய 14.8 சதவீதம் உயரமாகக் கணக்காகும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 12.4 மீற்றர் ஏற்றம். அந்தச் சகோதரியின் 11.5 மீற்றருக்கு மணிக்கு 4.6 அல்லது 4.7 கிலோமீற்றர் போதும். அவர் முதல் வாரத்தில் 15 நிமிடத்துடன் தொடங்கி, எட்டாவது வாரத்தில் 50 நிமிடத்துக்கு வந்தார். வேகத்தைக் கூட்டவே இல்லை, நேரத்தை மட்டுமே கூட்டினார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்துப் பின்னால் சாய்ந்தவுடன் உடல் சரிவுக்குச் செங்குத்தாகிவிடுகிறது, எடையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன; திரையில் தெரியும் எண் அப்படியே இருக்க, கால்கள் செய்யும் வேலை குறைந்துவிடும். பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். சுழலும் படி இயந்திரத்திலும் முழங்கையை ஊன்றிக் கவிழ்ந்து ஏறுகிறவர்களுக்கு இதுவே நடக்கிறது.

ஒரு படியா, ரெண்டு ரெண்டு படியா?

கட்டடப் போட்டிகளில் வேகமானவர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு படியாக, கைபிடியை இழுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். படிகள் சம உயரமாகவும் கைபிடி தொடர்ச்சியாகவும் இருக்கும்போது அது பயனுள்ளது. சிவனொளிபாத மலையின் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. சில இடங்களில் ஒரே படி உங்கள் வழக்கமான இரண்டு படிகளுக்குச் சமமாக வரும். அங்கே இரண்டிரண்டாகப் போகிறவர் தொடையின் இருப்பைக் கீழ்ப்பாதியிலேயே செலவழித்துவிடுகிறார். ஆகவே பத்து ஏற்றங்களில் ஏழை ஒவ்வொரு படியாகவும் மூன்றை இரண்டிரண்டாகவும் செய்து இரண்டுக்கும் பழகுவதே எங்கள் வழக்கம்.

இதைவிட முக்கியமானது பாதத்தை வைக்கும் விதம். விரல்நுனியில் ஏறினால் கெண்டைக்கால்தான் முந்திச் சோரும். படியின் அகலம் இடம் தரும் இடங்களில் எல்லாம் குதிகால் உட்பட முழுப் பாதத்தையும் வைத்து, இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து, பிட்டத்தால் தள்ளி எழும்புங்கள்.

எங்கட படிக்கட்டில காத்தே இல்லை. பத்து நிமிசத்தில நனைஞ்சு தலை சுத்துது. இது என்ர பலவீனமா?

பலவீனம் இல்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். மூடிய படிக்கட்டில் காற்றோட்டமும் இல்லை, கொழும்பின் ஈரப்பதமும் சேர்ந்துவிடுகிறது, ஆகையால் வியர்வை வழிந்து விழுகிறதே தவிர ஆவியாவதில்லை. உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பப்படும்போது, அதே வேகத்துக்கும் இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்கிறவர்கள் இதனால் குழம்புகிறார்கள். நான் படிக்கட்டில் நேரத்தையும் மூச்சையும்தான் நம்புகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்குங்கள், மாடிகளின் சன்னல்களைத் திறந்து வைக்க அனுமதி கேளுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடைமாற்றி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. அதை அடுத்த சில மணிநேரங்களில் சோற்றோடும் சிறிது உப்போடும் மெல்ல ஈடுசெய்யுங்கள். வெறும் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்துத் தள்ளுவது நல்லதல்ல. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். தலைசுற்றினால் அந்த ஏற்றத்தை முடிக்க முயலாமல், அதே மாடியில் உட்கார்ந்துவிடுங்கள். படிக்கட்டில் மயங்கி விழுவது சமதரையில் விழுவது போன்றதல்ல.

வேலைக்குப் போற ஆக்கள் கிழமைக்கு எத்தனை நாள் செய்யவேணும்?

மூன்று நாள். செவ்வாயில் படிக்கட்டு, வியாழனில் ட்ரெட்மில் தொடர் ஏற்றம், ஞாயிறில் இரண்டும் கலந்த நீண்ட பயிற்சி என்று எங்கள் குழு வைத்துக்கொள்கிறது. ஞாயிறில் ட்ரெட்மில்லில் 30 நிமிடம் ஏறிய உடனேயே படிக்கட்டுக்குப் போய் ஆறு தடவைகள் ஏறுவோம். ஏற்கனவே களைத்த காலில் படி ஏறுவதுதான் மலையின் கடைசிப் பகுதிக்கு மிக நெருக்கமான பயிற்சி. மற்ற நாட்களில் விரும்பினால் மெதுவாக ஓடலாம்.

பத்து வாரம் தேவை. ஒவ்வொரு நான்காவது வாரமும் அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், கடைசி வாரத்தில் பாதியாக்குங்கள். தவறவிட்ட நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுசெய்ய வேண்டாம். காயங்களில் பலவற்றை நான் பார்த்தது அப்படியான மறுநாட்களில்தான்.

ஏறுறது பரவாயில்லை. இறங்கின பிறகு மூண்டு நாளைக்குக் கழிவறையில குந்த ஏலாது. என்ன செய்யலாம்?

ஏறும்போது தொடைத்தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே தடை போட வேண்டும். பழகாத தசையில் இந்த இரண்டாவது வேலை நுண்ணிய சேதங்களை ஏற்படுத்துகிறது, வலி ஒன்று முதல் மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும். எப்போதும் மின்தூக்கியில் இறங்கிப் பயிற்சி செய்தவர்கள் மலையிலிருந்து இறங்கும்போது இதனால் பெரிதும் வருந்துகிறார்கள். கட்டடப் போட்டிக்கு மட்டும் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதற்கு மிக விரைவாகப் பழகும். ஒரு முறை சிறிய அளவில் நொந்தாலே அடுத்த சில வாரங்களுக்கு ஓரளவு காப்புக் கிடைக்கிறது. நான்காவது வாரத்திலிருந்து செவ்வாய்ப் பயிற்சியின் கடைசி இரண்டு ஏற்றங்களுக்கு மட்டும் நடந்து இறங்குங்கள். பின்பு மூன்று, நான்கு என்று கூட்டுங்கள். பாதம் சத்தமில்லாமல் படியைத் தொட வேண்டும். தொப்பென்று விழும் சத்தம் கேட்கத் தொடங்கினால் தொடை களைத்துவிட்டது, மின்தூக்கிக்குப் போங்கள். மலை நாளுக்கு முந்திய பத்து நாட்களில் இறங்கும் பயிற்சி வேண்டாம்.

முழங்காலுக்கு முன்னால நோகுது. நிப்பாட்டவேணுமா?

ஏறும்போது மந்தமாக வந்து, பயிற்சி முடிந்து ஒரு நாளுக்குள் போய்விடும் நோ என்றால், அளவைப் பாதியாக்கி இரண்டு வாரம் தொடரலாம். பாதம் நேராக நிற்க முழங்கால் உள்நோக்கி மடிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி மடிந்தால் பிட்டத் தசைகளுக்குத் தனியே பயிற்சி வேண்டும். வீக்கம், முழங்கால் பூட்டிக்கொள்ளுதல், சமதரையில் நடக்கும்போதே நோ ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குதிகால் தசைநாணில் காலையில் எழுந்தவுடன் விறைப்பு வந்தால் காரணம் பெரும்பாலும் ட்ரெட்மில்தான். படியில் குதிகாலுக்குச் சமமான இடம் கிடைக்கும், சரிவில் கிடைக்காது. சரிவை 10 சதவீதத்துக்கு இறக்கி, நடக்கும் நேரத்தை நீட்டுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, நீரிழிவும் பிறஷரும் இருக்கு. அவரும் வரலாமா?

மருத்துவரிடம் கேட்ட பிறகே. உயர் குருதி அமுக்கம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றும், இதயத்துக்குப் பரிசோதனை தேவையா என்றும் அவர் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரையை வெகுவாக இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை, குளுக்கோஸைக் கையில் வைத்திருப்பது உங்கள் வேலை. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அன்று அங்கேயே பயிற்சி முடிந்தது, நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நான் போறது மலைக்கில்லை, நாப்பது மாடிக் கட்டடப் போட்டிக்கு. இதே பயிற்சி சரிவருமா?

அடித்தளம் இதுவே, ஆனால் வேகம் வேறு. நியூயோர்க் எம்பயர் ஸ்டேட் கட்டடப் போட்டியில் 86 மாடிகள், 1,576 படிகள், ஏறக்குறைய 320 மீற்றர். அங்கே 2003 இல் அவுஸ்திரேலியரான போல் கிரேக் பதிந்த சாதனை 9 நிமிடம் 33 செக்கன், அதாவது நிமிடத்துக்கு 33 மீற்றருக்கு மேல். எங்கள் சகோதரியின் 11.5 உடன் ஒப்பிட்டால், அது ஏறக்குறைய மூன்று மடங்கு.

உங்கள் போட்டி ஏழு முதல் பத்து நிமிடத்துக்குள் முடியக்கூடும் என்பதால், ட்ரெட்மில்லில் 50 நிமிடம் தேவையில்லை, 20 போதும். அதற்குப் பதில் செவ்வாயில் வேகமான ஏற்றங்கள் ஆறைச் செய்து, மின்தூக்கியில் இறங்கிய பின் மேலும் ஒரு நிமிடம் நின்று தொடருங்கள். திருப்பங்களில் உட்பக்கக் கைபிடியை எட்டிப் பிடித்து உடலைச் சுழற்றிப் பழகுங்கள். மாடிக்கு ஒரு செக்கன் மிச்சப்பட்டாலும் நாற்பது செக்கன் ஆகிறது. முதல் எட்டு மாடிகளைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம். தொடையின் எரிச்சல் செலவுக்குப் பின்னால் அரை நிமிடம் தாமதித்தே தெரியவரும், தெரியும்போது திருத்த நேரம் கடந்திருக்கும்.

சரி, மலைக்குப் போற நாளில அந்த 11.5 கணக்கை எப்பிடிப் பாவிக்கிறது?

முதலில் ஒரு வேண்டுகோள். அது வழிபாட்டு மலை. போயா நாட்களிலும் வார இறுதிகளிலும் முதியவர்களும் குழந்தைகளும் படிகளை நிறைத்திருப்பார்கள். அவர்களை ஒதுங்கச் சொல்லி ஏறுவது முறையல்ல. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரையான பருவத்தில், ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள்.

நல்லதண்ணியிலிருந்து தொடங்கும் பகுதியில் சரிவு மென்மையானது. அங்கே நிமிடத்துக்கு 11.5 மீற்றர் ஏற முயன்றால் ஓட வேண்டியிருக்கும், அது தவறு. அந்தப் பகுதியில் பேசக்கூடிய மூச்சில் நடந்து செல்லுங்கள். படிகள் தொடர்ச்சியாகச் செங்குத்தாகும் இடத்திலிருந்துதான் உங்கள் எண் பொருந்தும். அங்கே கடிகாரத்தின் உயரமானியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் பாருங்கள். 115 மீற்றர் காட்டினால் சரி. 140 காட்டினால், கால் எவ்வளவு இலகுவாகத் தோன்றினாலும் குறையுங்கள். நான் முதல் முறை அந்த இலகுவை நம்பி ஏறி, உச்சிக்கு முந்திய கைபிடிப் பகுதியில் இருபது படிக்கு ஒரு முறை நின்றேன். என்னைக் கீழே முந்தவிட்ட ஓர் அம்மா வெறுங்காலோடு, ஒரே சீராக, என்னைக் கடந்து போனார்.

முதல் அரைமணிநேரத்துக்குப் பிறகு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழத்தின் பாதியோ ஒரு பேரீச்சம்பழமோ சாப்பிடுங்கள். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் அந்த ஏற்றத்துக்கு உதவாது. உச்சி 2,243 மீற்றர். அந்த உயரத்தில் காற்று சற்று மெலிந்திருப்பதால் கடைசி இருநூறு மீற்றரில் வேகம் சிறிது குறைவது இயல்பு. கொழும்பு வெயிலுக்குப் பழகிய நாங்கள் மறக்கும் ஒன்று குளிர்: நனைந்த சட்டையோடு உச்சியில் நின்றால் ஐந்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். உலர்ந்த மேற்சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோய், உச்சியை அடைந்ததும் ஈரத்தைக் கழற்றி அதை அணிந்துகொண்டு, கால் விறைக்கும் முன் இறங்கத் தொடங்குங்கள்.